மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு எத்தனை மைக்ரோஃபாரட்?

இண்டக்‌ஷன் மோட்டார் லைனிலிருந்து எடுக்கும் மின்னோட்டத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று தண்டைச் சுழற்றி, பம்பையோ கம்ப்ரெஸரையோ நூற்பு எந்திரத்தையோ ஓட்டுவது. மற்றொன்று ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவிலுள்ள மெல்லிய காற்று இடைவெளியில் காந்தப்புலத்தை உண்டாக்கி நிறுத்தி வைப்பது. முதல் வேலைக்கு வரும் ஆற்றல் செலவாகிவிடும். இரண்டாவதற்கு வருவது செலவாவதில்லை. ஒவ்வொரு ஃபேஸிலும் அது காந்தப்புலத்துக்குள் போய்ச் சற்றே தங்கி, மறுபடி வந்த வழியே திரும்புகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்தப் போக்குவரத்து நொடிக்கு 100 முறை நடக்கிறது. மூன்று ஃபேஸிலும் சமமாக லோடு இருக்கும்போது, எந்தக் கணத்திலும் இந்தப் போக்குவரத்துகளின் கூட்டுத்தொகை பூஜ்யம்தான். ஆனாலும் அந்த மின்னோட்டத்தை ஒவ்வொரு கம்பியும் சுமந்தே ஆகவேண்டும். அதனால் கேபிளும் டிரான்ஸ்பார்மரும் சூடாகவே செய்யும்.

வேலை செய்யும் பங்கைக் கிலோவாட்டிலும், காந்தப்புலத்துக்கான பங்கைக் கேவிஏஆரிலும் அளக்கிறார்கள். இரண்டையும் நேராகக் கூட்ட முடியாது. மின்னழுத்தம் உச்சத்தைத் தொட்டுக் கால் சுழற்சி கழிந்த பிறகே காந்தப்புல மின்னோட்டம் உச்சத்துக்கு வருகிறது. ஆகவே இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல அமைகின்றன. லைன் சுமக்கும் மொத்தமான கேவிஏ அந்த முக்கோணத்தின் கர்ணம். கிலோவாட்டைக் கேவிஏவால் வகுத்தால் கிடைப்பது பவர் ஃபேக்டர். தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்பு பெற்ற ஆலைகளுக்கு டிமாண்ட் கட்டணம் கேவிஏ கணக்கில்தான் போடப்படுகிறது. காந்தப்புல மின்னோட்டம் பில்லில் இடம்பிடிப்பது இந்த வழியில்.

கெப்பாசிட்டருக்கும் இதே போல ஆற்றலை வாங்கித் திருப்பித் தரும் இயல்பு உண்டு; முறைதான் நேர் எதிர். மோட்டாரின் காந்தப்புலம் ஆற்றலை வாங்கும் அதே கணத்தில் கெப்பாசிட்டர் விடுகிறது, அது விடும்போது இது வாங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்துவிட்டால் காந்தப்புலத்துக்கான போக்குவரத்து இவ்விரண்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடும்; டிரான்ஸ்பார்மர் வரை போய் வரவேண்டியதில்லை. எவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் வேண்டும் என்பதே மீதிக் கேள்வி. அதற்கு ஒரு குறிப்பிட்ட மோட்டாரை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு பட்டறையில் 37 கிலோவாட், அதாவது 50 குதிரைத்திறன் கொண்ட மூன்று ஃபேஸ் மோட்டார் 415 வோல்ட்டில் ஓடுகிறது. நேம் பிளேட்டில் முழு லோடு மின்னோட்டம் 66 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.84. அன்றாடம் அது முழு லோடில் ஓடுவதில்லை. வழக்கமான வேலையின்போது அளந்தால் லைனிலிருந்து 32 கிலோவாட் எடுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.80 என்று மீட்டர் காட்டுகிறது. கணக்குக்கு ஆதாரமாக எடுக்கவேண்டியது இந்த அளவீட்டைத்தான். நேம் பிளேட்டில் இருக்கும் 37 கிலோவாட் தண்டில் கிடைக்கும் திறன். லைனிலிருந்து எடுக்கும் திறன் அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதிலேயே பல கணக்குகள் தொடக்கத்தில் தடம் மாறிவிடுகின்றன.

32 கிலோவாட்டை 0.80ஆல் வகுத்தால் 40 கேவிஏ. முக்கோணத்தின் மூன்றாவது பக்கம் 24 கேவிஏஆர். மூன்று ஃபேஸ் லைனில் 40 கேவிஏ என்றால் ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 55.7 ஆம்பியர் ஓடும். பவர் ஃபேக்டரை 0.95க்கு உயர்த்துவது இலக்கு. கிலோவாட் மாறப்போவதில்லை, முக்கோணத்தின் கோணம்தான் சுருங்கவேண்டும். அதற்கான சூத்திரம் இது:

Q = P × (tan φ1 − tan φ2)

பவர் ஃபேக்டர் 0.80 என்றால் tan φ1 0.75. பவர் ஃபேக்டர் 0.95 என்றால் tan φ2 0.329. வித்தியாசமான 0.421ஐ 32ஆல் பெருக்கினால் 13.5 கேவிஏஆர் வருகிறது. மோட்டாருக்குத் தேவையான 24இல் 13.5ஐக் கெப்பாசிட்டர் கொடுக்கும், மீதி 10.5 லைனிலிருந்து வரும். லைனில் ஓடும் கேவிஏ 40லிருந்து 33.7ஆகக் குறையும், மின்னோட்டம் 55.7லிருந்து 46.9 ஆம்பியராக இறங்கும். கம்பியில் ஏற்படும் வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மின்னோட்டம் ஆறில் ஒரு பங்கு அளவே குறைந்தாலும், மோட்டாருக்கு வரும் கேபிளில் இழப்பு கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைகிறது.

பவர் ஃபேக்டரை ஏன் 1 வரை உயர்த்தக்கூடாது என்ற கேள்வி எழலாம். அதற்கு மீதி 10.5 கேவிஏஆரையும் கெப்பாசிட்டரே கொடுக்கவேண்டும். முதல் 13.5 கேவிஏஆர் லைன் மின்னோட்டத்தில் 8.8 ஆம்பியரைக் குறைத்தது. அடுத்த 10.5 கேவிஏஆரோ 46.9லிருந்து 44.5 வரைதான் இறக்கும், அதாவது 2.4 ஆம்பியர். கெப்பாசிட்டருக்கான செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், பலன் கால் பங்குக்குச் சற்று மேலேதான் கூடும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் அதில் ஒளிந்திருக்கிறது. அது பின்னால் வருகிறது.

லோடு மூன்று ஃபேஸிலும் சமமாக இருப்பதால், 13.5 கேவிஏஆரை மூன்றாகப் பிரித்து ஃபேஸுக்கு 4.5 கேவிஏஆர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஃபேஸுக்குப் போடும் கணக்கே மற்ற இரண்டுக்கும் பொருந்தும். இதை மைக்ரோஃபாரட்டாக மாற்றும் இடத்தில்தான் கவனம் தேவை. கெப்பாசிட்டர் கொடுக்கும் கேவிஏஆர் அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது:

C = Qphase / (2π f V²)

மூன்று கெப்பாசிட்டர்களையும் டெல்டாவில் கட்டினால் ஒவ்வொன்றின் குறுக்கேயும் முழு 415 வோல்ட் இருக்கும். ஃபேஸுக்கு 4.5 கேவிஏஆரை, அதாவது 4500 விஏஆரை, 314.16ஆலும் 415இன் வர்க்கத்தாலும் வகுத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 83 மைக்ரோஃபாரட் என்று கிடைக்கும். அதே மூன்றையும் ஸ்டாரில் கட்டினால் ஒவ்வொன்றும் காண்பது 415ஐ √3ஆல் வகுத்துக் கிடைக்கும் 240 வோல்ட்தான். வர்க்கத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. எனவே அதே 4.5 கேவிஏஆரைப் பெற 249 மைக்ரோஃபாரட் வேண்டும். டெல்டாவுக்குக் கணக்கிட்ட 83 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை ஸ்டாரில் கட்டிவிட்டால் மொத்தம் 4.5 கேவிஏஆர்தான் கிடைக்கும். பவர் ஃபேக்டர் 0.85 அளவிலேயே நின்றுவிடும். 415 வோல்ட் அளவில் டெல்டா வழக்கமானதற்குக் காரணம் இந்த மூன்று மடங்கு வித்தியாசமே. ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் உயர் அழுத்த லைனில் ஒவ்வொரு கெப்பாசிட்டரும் தாங்கவேண்டிய மின்னழுத்தமே பெரிய கவலை. அங்கே ஸ்டார் இணைப்பு பயனாகிறது.

கடையில் வாங்கும் மூன்று ஃபேஸ் கெப்பாசிட்டரின் உள்ளேயே டெல்டா கட்டப்பட்டிருக்கும். வெளியே மூன்று முனைகள்தான் தெரியும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் கேவிஏஆர் மூன்று ஃபேஸுக்கும் சேர்த்த மொத்த அளவு. 15 கேவிஏஆர் என்றால் ஃபேஸுக்கு 5. ஃபேஸுக்கு 4.5 தேவை என்று கணக்கிட்ட கையோடு 5 கேவிஏஆர் லேபிள் ஒட்டிய மூன்று ஃபேஸ் யூனிட் ஒன்றை வாங்கி மாட்டினால், தேவையில் மூன்றில் ஒரு பங்கே கிடைக்கும்.

லேபிளில் கேவிஏஆருக்குப் பக்கத்திலுள்ள வோல்ட் அளவையும் படிக்கவேண்டும். இந்தியச் சந்தையில் 440 வோல்ட் என்று குறிக்கப்பட்டவை அதிகம். 440 வோல்ட்டில் 15 கேவிஏஆர் கொடுக்கும் யூனிட், 415 வோல்ட்டில் அவ்வளவு கொடுக்காது. 415ஐ 440ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.89, ஆகவே கிடைப்பது 13.3 கேவிஏஆர். இந்த மோட்டாருக்குத் தேவை 13.5. கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்திவிட்டது. பவர் ஃபேக்டர் 0.949 வரும். 12.5 கேவிஏஆர் யூனிட்டை எடுத்திருந்தால் 415 வோல்ட்டில் அது 11.1தான் கொடுத்திருக்கும்.

415 வோல்ட் லேபிள் கொண்டதை வாங்கினால் முழு 15ம் கிடைக்குமே என்று தோன்றலாம். ஆனால் லோடு குறைந்த இரவு நேரங்களில் லைன் மின்னழுத்தம் ஏறுவது உண்டு. குறைந்த அழுத்தக் கெப்பாசிட்டர்களுக்கான ஐஇசி 60831 தர விதி, லேபிள் மின்னழுத்தத்துக்கு மேல் 10 சதவீதம் வரை, ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மட்டுமே தாங்கினால் போதும் என்கிறது. 440 வோல்ட் லேபிள் உள்ளதற்கு அந்த எல்லை 484 வோல்ட். 415 லேபிளுக்கு 456 வோல்ட்தான். கேவிஏஆரில் சிறிது விட்டுக்கொடுத்து 440 வோல்ட் யூனிட்டை எடுப்பதே நீண்டநாள் உழைப்புக்கு நல்லது.

இனி, முன்பு தள்ளிவைத்த ஆபத்து. மோட்டாரும் கெப்பாசிட்டரும் ஒரே காண்டாக்டரின் கீழ் நேரடியாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும். மோட்டார் உடனே நிற்பதில்லை. அதன் சுமையும் ஃப்ளைவீலும் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். காந்தப்புலத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தை லைன் தராவிட்டாலும் கெப்பாசிட்டர் தரத் தயாராக இருக்கிறது. சுழலும் தண்டும் காந்தப்புலமும் சேர்ந்துவிட்டால் அந்த மோட்டார் அந்தக் கணத்தில் ஒரு ஜெனரேட்டர். கெப்பாசிட்டர் பெரிதாக இருந்தால் முனைகளில் மின்னழுத்தம் லைன் அளவையும் தாண்டி ஏறும். வைண்டிங்கின் இன்சுலேஷனும் கெப்பாசிட்டரும் ஒருசேரப் பாதிக்கப்படும்.

இதைத் தடுக்கும் நடைமுறை வரம்பு ஒன்று உண்டு. மோட்டாரோடு நேரடியாகக் கட்டும் கெப்பாசிட்டர், அந்த மோட்டார் லோடே இல்லாமல் ஓடும்போது எடுக்கும் கேவிஏஆரில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதை அறிய பெல்ட்டையோ கப்ளிங்கையோ கழற்றி மோட்டாரை வெறுமனே ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தை அளந்தால் போதும். வெறுமனே ஓடும் மோட்டாரின் மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் காந்தப்புலத்துக்கானது. இந்த 37 கிலோவாட் மோட்டாரில் அது 25 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், √3ஐயும் 415ஐயும் 25ஐயும் பெருக்கி ஏறத்தாழ 18 கேவிஏஆர் கிடைக்கிறது. அதில் 90 சதவீதம் 16.2. கெப்பாசிட்டர் கொடுக்கும் 13.3 இதற்குள் அடங்குகிறது. பவர் ஃபேக்டரை 1க்குக் கொண்டுபோக 24 கேவிஏஆர் கட்டியிருந்தால் வரம்பை வெகுவாக மீறியிருக்கும்.

இந்த 18 என்ற எண் இன்னொன்றையும் விளக்குகிறது. லோடு இருக்கும்போது எடுத்த 24 கேவிஏஆரில் 18 லோடே இல்லாவிட்டாலும் தேவைப்படுவது. அதனால்தான் பெரிய மோட்டாரை வாங்கிவைத்துப் பாதி லோடில் ஓட்டும் இடங்களில் பவர் ஃபேக்டர் அவ்வளவு மோசமாக இருக்கிறது: கிலோவாட் பாதியாகக் குறைகிறது, கேவிஏஆர் சிறிதளவே குறைகிறது. அத்தகைய இடத்தில் கெப்பாசிட்டரைத் தேடுவதற்கு முன் மோட்டாரின் அளவைச் சரிபார்ப்பதே முறை.

கெப்பாசிட்டரை எந்த இடத்தில் இணைப்பது என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். ஓவர்லோடு ரிலேவுக்கும் மோட்டாருக்கும் நடுவே இணைத்தால், ரிலே வழியே போவது கெப்பாசிட்டரால் குறைக்கப்பட்ட மின்னோட்டம். முழு லோடில் மோட்டார் 66 ஆம்பியர் எடுக்கும்போது ரிலேயில் 58 ஆம்பியர்தான் ஓடும். ரிலேயை 66இலேயே விட்டுவைத்தால், மோட்டார் 70 ஆம்பியரைத் தாண்டிச் சூடேறும்போதும் அது சும்மா இருக்கும். செட்டிங்கை 58க்கு இறக்கவேண்டும். கெப்பாசிட்டரை ரிலேவுக்கு முன்னால் இணைத்தால் இந்தத் திருத்தம் தேவையில்லை.

ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் உள்ள இடத்தில் மோட்டார் முனைகளில் கெப்பாசிட்டரை நிரந்தரமாகக் கட்டுவது தவறு. ஸ்டார் காண்டாக்டர் விட்டு டெல்டா பிடிப்பதற்குள் வரும் சிறு இடைவெளியில், கெப்பாசிட்டர் வைண்டிங்கில் மின்னழுத்தத்தை உயிரோடு வைத்திருக்கும். டெல்டா பிடிக்கும் கணத்தில் அந்த மின்னழுத்தமும் லைன் மின்னழுத்தமும் ஒத்துப்போகாவிட்டால் பெரும் மின்னோட்டம் பாயும், தண்டில் பலத்த அதிர்ச்சி ஏற்படும். இங்கே கெப்பாசிட்டருக்குத் தனிக் காண்டாக்டர் வைத்து, ஸ்டார்ட்டருக்கு முன்னால் லைன் பக்கத்தில் இணைத்து, டெல்டா பிடித்த பிறகே அது பிடிக்குமாறு ஒயரிங் செய்யவேண்டும். மோட்டார் அணையும்போது அந்தக் காண்டாக்டரும் விட்டுவிடும் என்பதால், மோட்டார் ஜெனரேட்டராக மாறும் பேச்சும் அங்கே எழாது.

எங்கே இணைத்தாலும், மோட்டாருக்குள் ஓடும் 55.7 ஆம்பியர் மாறாது, மோட்டார் குளிர்ந்துவிடாது. குறைவது இணைப்புப் புள்ளிக்கு முன்னாலுள்ள கேபிளிலும் டிரான்ஸ்பார்மரிலும்தான். யூனிட் மீட்டரில் குறைவதும் அந்தக் கேபிள்களில் மிச்சமாகும் இழப்பு மட்டுமே. கெப்பாசிட்டரை மாட்டினால் மின்சார யூனிட் மூன்றில் ஒன்று குறையும் என்று சொல்லி விற்கப்படும் பெட்டிகளை இந்த ஒரு உண்மையை வைத்தே எடைபோட்டுவிடலாம்.

வேகத்தை மாற்றும் டிரைவ் வழியே ஓடும் மோட்டாருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கெப்பாசிட்டர் கட்டினால் டிரைவே பழுதாகும். டிரைவுகள் பல உள்ள ஆலையில் லைன் பக்கத்துக் கெப்பாசிட்டர்களுக்கும் தொல்லை உண்டு. டிரைவுகள் லைனில் ஐந்தாம், ஏழாம் ஹார்மானிக் மின்னோட்டங்களை விடுகின்றன. டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து அவற்றில் ஒன்றுக்கு ஒத்ததிரும் நிலைக்கு வரலாம். 4 சதவீத இம்பீடன்ஸ் கொண்ட 250 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் மேற்சொன்ன கெப்பாசிட்டர் ஒன்று மட்டும் இருந்தால் அந்த நிலை 21, 22ஆம் ஹார்மானிக்குக்கு அருகே, தொலைவில் இருக்கும். அத்தகைய பத்துச் சேர்ந்தால் ஏழுக்கு மிக நெருக்கமாக வந்துவிடும். அப்போது ஒவ்வொன்றுக்கும் தொடராகத் தகுந்த ரியாக்டர் தேவை.

மாட்டிய கெப்பாசிட்டர் உண்மையில் வேலை செய்கிறதா என்பதைக் கிளாம்ப் மீட்டர் ஒன்றே சொல்லிவிடும். 415 வோல்ட்டில் 13.3 கேவிஏஆர் என்றால் கெப்பாசிட்டருக்குப் போகும் மூன்று கம்பிகளிலும் தலா 18.6 ஆம்பியர் ஓடவேண்டும். மூன்றும் சமமாக, ஆனால் 15, 16 என்று குறைந்திருந்தால், உள்ளே படலம் மெல்ல மெல்லத் தேய்ந்து மைக்ரோஃபாரட் குறைந்துவிட்டது என்று பொருள். இரண்டு கம்பிகளில் 10.7ம் ஒன்றில் 18.6ம் காட்டினால் டெல்டாவின் மூன்று கைகளில் ஒன்று அறுந்துபோய்விட்டது. கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு கம்பிகளில் 16ம் மூன்றாவதில் பூஜ்யமும் காட்டினால் கெப்பாசிட்டர் நன்றாகவே இருக்கிறது, ஒரு ஃபியூஸ்தான் போயிருக்கிறது; கிடைப்பது பாதி. 18.6ஐ மீறி 24, 25 என்று காட்டி, மின்னழுத்தமும் இயல்பாகவே இருந்தால் ஹார்மானிக்கைச் சந்தேகிக்கவேண்டும். தர விதி லேபிள் மின்னோட்டத்தைப்போல் 1.3 மடங்குவரை தாங்கச் சொல்கிறது. 440 வோல்ட்டில் 15 கேவிஏஆர் யூனிட்டின் லேபிள் மின்னோட்டம் 19.7 ஆம்பியர் என்பதால் எல்லை 25.6.

அளப்பது கம்பியைத் தொடாமலே முடியும். கழற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை வெளியேற்ற முனைகளில் பொருத்தியிருக்கும் ரெசிஸ்டர், மூன்று நிமிடத்துக்குள் மின்னழுத்தத்தை 75 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவரவேண்டும் என்பது ஐஇசி 60831 சொல்லும் கணக்கு. அந்த ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. எனவே மூன்று நிமிடம் காத்திருந்த பிறகும், மூன்று முனைகளுக்கு இடையிலும் முனைகளுக்கும் எர்த்துக்கும் இடையிலும் மீட்டர் வைத்துப் பார்த்து, பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்டு, முனைகளைக் குறுக்கிணைத்த பின்னரே கை வைக்கவேண்டும்.